இதே மாடல்தான் வேணும்

"கைய எடுங்க, நிழல் விழுது!"

ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் அந்தச் சாம்பல் நிற டப்பாவைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, மூடியைப் பாதி வரை இறக்கி, மேலே கறுப்புத் துணியைப் போர்த்தினாள் அவள். கடை வாசலில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் அடையாள அட்டையை ஆட்டிக்கொண்டே, "அக்கா, ஒரே ஒரு காப்பிதான்" என்றார்.

"அஞ்சு நிமிஷம் இருங்க. இங்க ஒருத்தர் வாழ்க்கையே கண்ணாடி மேல கெடக்கு."

வாழ்க்கைக்குச் சொந்தக்காரர் அவள் கணவர். தொழில், லிஃப்ட் மெக்கானிக். பக்கத்திலேயே தூணோடு தூணாக நின்றார். மூன்று நாளாய் ஷேவ் செய்யாத முகம்.

ஸ்கேன் பட்டனை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து போனது. கம்ப்யூட்டர் திரையில் டப்பாவின் பின்பக்க ஸ்டிக்கர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. மாடல் எண், சீரியல் எண், எத்தனை வோல்ட் என்று எல்லாம் கண்ணாடி மாதிரி.

"இத முதல்லயே செஞ்சிருக்கணும். எனக்குப் புத்தி போச்சு பாருங்க."

செல்போன் துடித்தது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி. வீட்டில் அவனுக்கு வாண்டு என்று பெயர். ஆறடி வளர்ந்த பிறகும் வாண்டு.

"அக்கா, படம் எங்க? ஏலம் முடிய இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருக்கு!"

"இந்தா வருது, கத்தாத."

நடந்தது இதுதான்.

போன வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி காலை, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர் லிஃப்டில் கால் வைத்தார். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே கிளம்பிவிட்டது. டீச்சரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கதவு திறந்திருந்தால் எந்த லிஃப்டும் நகரக் கூடாது. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு உண்டு. கதவு சாத்தி, பூட்டு விழுந்தால்தான் அதற்குள் இருக்கும் மின் தொடர்பு சேரும். சேர்ந்தால்தான் மோட்டாருக்குக் கட்டளை போகும். மொட்டை மாடி மெஷின் ரூமில், கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. கதவுப் பூட்டுகளின் கம்பி வந்து சேரும் இரண்டு முனைகளுக்கு நடுவே, விரல் நீளச் சிவப்பு ஒயர் ஒன்று குறுக்கே முடுக்கப்பட்டிருந்தது. அந்த ஒயர் இருந்தால் கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும், சாத்தியிருக்கிறது என்றே லிஃப்ட் நம்பும்.

பழுது பார்க்கும்போது மெக்கானிக்குகள் சில நிமிடம் அப்படிப் போடுவதுண்டு. போட்டால், கிளம்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். மறந்தால் கொலை.

சர்வீஸ் ரிஜிஸ்டரில் கடைசிக் கையெழுத்து, பதின்மூன்றாம் தேதி, காலை பத்து முதல் பதினொன்று. அவள் கணவர் கையெழுத்து.

இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை. லிஃப்ட் இன்ஸ்பெக்டரம்மா மெஷின் ரூமுக்குச் சீல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒயர் உங்களோடதுன்னு ஆச்சுன்னா லைசென்ஸ் போறது மட்டும் இல்ல, போலீஸ் கேஸ். இந்த கன்ட்ரோல் போர்டுக்குள்ள எல்லாம் பதிவாகும்னு சொல்றீங்க. அதப் படிக்கிற கருவி எங்க ஆபீஸ்ல கிடையாது. லிஃப்ட் செஞ்ச கம்பெனியே மூடியாச்சு. உங்ககிட்ட இருந்தா அன்னைக்குக் கொண்டு வாங்க. அன்னைக்கு மத்தியானமே புது போர்டு மாட்டறாங்க. பழசு குப்பைக்குப் போயிடும்."

கருவி இருந்தது. பழைய கம்பெனிக்காரர் ஒருவரிடம் வாங்கியது. கையடக்கமான டப்பா. இரண்டு வரித் திரை, பதினாறு பட்டன். போர்டில் சொருகினால், கடைசி நூற்றிருபது நிகழ்வுகளைத் தேதியும் மணியும் போட்டுக் காட்டும். ஆனால் விபத்தன்று கூட்டம் அவரைப் படிக்கட்டில் நெட்டித் தள்ளியபோது, பை உருண்டு டப்பா தெறித்தது. திரை உடைந்து, உள்ளே கறுப்பு மை கசிந்து, பட்டன் பலகையும் செத்துப் போனது.

அன்று மாலையே அவள் டப்பாவை மேஜை மேல் வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்து, தம்பிக்கு அனுப்பினாள். "டேய், இதே மாடல் வேணும். அங்க பழைய சாமான் விக்கிற கடை, ஆன்லைன், எல்லா இடத்துலயும் தேடு. மாமா உயிர் போற விஷயம்."

அவசரத்தில் செய்த வேலை. ஃபிளாஷ் ஸ்டிக்கர் மேல் பட்டு எழுத்தெல்லாம் வெள்ளையாகிவிட்டது. போதாததற்கு, சாட்டில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். பெரிதாக்கினால் சின்ன எழுத்து புழு நெளிந்த மாதிரி இருக்கும். நாள் பூராவும் மற்றவர்களுக்கு, "போட்டோவா அனுப்பாதீங்க சார், டாக்குமென்ட்டா அனுப்புங்க, அப்பதான் பிரின்ட் தெளிவா வரும்" என்று பாடம் எடுப்பவள். தன் வீட்டுக்கு என்று வந்தபோது கோட்டை விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அவன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். பழைய பொருள் ஏலம் விடும் தளம். அதுதான் இப்போது பதினெட்டு நிமிடத்தில் முடியப் போகிறது.

ஸ்கேன் செய்த முன்பக்கம், பின்பக்கம், இரண்டையும் டாக்குமென்ட்டாக அனுப்பினாள். இரண்டு நீல டிக் உடனே விழுந்தது.

"அக்கா, மாடல் நம்பர் ஒண்ணுதான்! அப்படியே இருக்கு. போட்டுரவா?"

"இரு. அவன் போட்ட படத்த எனக்கு அனுப்பு. முன்பக்கம்."

படம் வந்தது. அவள் கணவர் பக்கம் போனைத் திருப்பினாள். அவர் கண்களைச் சுருக்கினார்.

"மூணாவது வரிசை, கடைசிப் பட்டன். என்ன கலர்?"

"சாம்பல்."

"நம்மளுது?"

இரண்டு பேரும் கண்ணாடி மேல் கிடந்த டப்பாவைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில், கடைசிப் பட்டன் ஆரஞ்சு.

"அது வேற" என்றார் அவர். "சாம்பல் பட்டன் பில்டிங்காரங்களுக்குக் குடுத்தது. லிஃப்ட் எந்த மாடியில நிக்குது, கதவு சாத்தியிருக்கா, அவ்வளவுதான் காட்டும். பழைய பதிவு எதையும் தொறக்காது. ஆரஞ்சு பட்டன்தான் மெமரி. அது மெக்கானிக்குக்கு மட்டும்."

"மாடல் நம்பர் ஒண்ணா இருக்கே?"

"நம்பருக்கு அப்புறம் ஒரு கோடு போட்டு சின்னதா எழுத்து இருக்கும். அவன் ஸ்டிக்கர் படத்துல அத யாரோ கீறி விட்டிருக்காங்க பாரு."

"டேய் வாண்டு! வேண்டாம், விட்டுரு!"

"அக்கா, இன்னும் நாலு நிமிஷம்தான். இது போச்சுன்னா வேற கிடைக்குமான்னு தெரியல."

"தப்பானது கிடைச்சு என்ன பண்றது, கல்யாணமா? விடுடா!"

நாலு நிமிடம் கழிந்தது. யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். அவள் மூடியைத் தூக்கி, டப்பாவை எடுத்து, வரிசையில் நின்றவரிடம் கை நீட்டினாள். "குடுங்க. ஒரு காப்பியா, ரெண்டா?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அட்டையைத்தான் தப்பான பக்கம் கவிழ்த்தாள். திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றம் இல்லை.

நிம்மதி.

அன்று சாயங்காலம் வீட்டில் அதைக் கேட்டே விட்டாள்.

"என்னங்க, உண்மையச் சொல்லுங்க. அது கிடைக்காம போனதுல உங்களுக்கு சந்தோஷமா?"

"பைத்தியமா நீ?"

"உங்க முகத்த நான் பதினோரு வருஷமா பாக்கறேன். லாட்டரி விழுந்தாலும் இப்படித்தான் இருக்கும், விழாட்டியும் இப்படித்தான் இருக்கும். இன்னைக்குத்தான் மாறிச்சு."

அவர் ஸ்க்ரூடிரைவர்களைத் துடைத்துத் துடைத்து அதே பைக்குள் வைத்தார். அவை ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தன.

"ஒயர எடுத்தீங்களா, இல்லையா?"

"எடுக்கறதுக்கு, நான் போட்டாத்தானே?"

"அப்ப பயம் எதுக்கு? பதிவு உங்க பக்கம்தானே பேசும்?"

"தம்பிய ஏன் தொந்தரவு பண்ற? அவனே அங்க எப்படி இருக்கானோ. இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பேசிக்கறேன்."

"பேசிப் பேசித்தான் இந்த நிலைமைல நிக்கறோம். இல்ல, நான் தேடுவேன்."

அவர் விளக்கு வெளிச்சத்தில் கைகளை விரித்துப் பார்த்தார். இருபது வருடம் கிரீஸ் ஊறிய கை. "தேடிக்கோ" என்றார். "ஆனா என்ன வந்தாலும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அந்த ஒரு வாக்கியம் அவளைத் தூங்க விடவில்லை. மறந்திருப்பாரோ? அன்றைக்கு அவசரமாக ஏதோ நினைப்பில் ஒயரை விட்டுவிட்டு, இப்போது அது தனக்கே நினைவில்லாமல் தவிக்கிறாரோ? அப்படியானால் அந்த டப்பா வந்து சேர்ந்தால், தன் கையாலேயே புருஷனை உள்ளே அனுப்பிய மாதிரி ஆகிவிடும்.

காலை ஆறு மணிக்குத் தம்பிக்கு ஒரு வரி தட்டினாள். *வேற ஏதாவது கண்ணுல பட்டுச்சா?*

பதில் உடனே வந்தது. *தேடிட்டேதான் இருக்கேன்க்கா.*

*அங்க இப்ப ராத்திரி ரெண்டு மணி ஆச்சே. தூங்கலையா?*

கொஞ்ச நேரம் 'டைப் செய்கிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

*நைட் ஷிஃப்ட்.*

*வீடியோல வா. மூஞ்சியப் பாத்து மாசக்கணக்காச்சு.*

*வேலைல இருக்கேன்க்கா. சூப்பர்வைசர் பாத்தா தொலச்சிருவான்.*

இரண்டு வருடம் நாயாய் அலைந்து கிடைத்த வேலை. போய்ச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அவள் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது தெரு முழுக்க அவளுக்குப் பெயரே 'ஃபாரின் அக்கா'. சரி, வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டாள்.

நாட்கள் உருண்டன. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. தம்பியிடமிருந்து தினமும் இரண்டு மூன்று படம். ஒன்றில் வாயைப் பிளந்த டிவி ரிமோட். ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். "டேய், இது டாக்டரோடதுடா!" "கலர் ஒரே மாதிரி இருந்துச்சுக்கா." திட்டினாள். திட்டிவிட்டு ஸ்கேனை மறுபடி அனுப்பினாள். இந்த முறை ஆரஞ்சு பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து, 'நீளம் இது, அகலம் இது, கீழே ஒன்பது பின் சாக்கெட், ஆரஞ்சு இல்லாவிட்டால் வாங்காதே' என்று எழுதினாள்.

இன்னொரு பக்கம் குடியிருப்புச் செகரட்டரி வேறு. தங்க ஃபிரேம் கண்ணாடி, தடித்த குரல். கடைக்கே வந்து, நோட்டீஸ் ஐம்பது பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், 'புதிய கன்ட்ரோல் போர்டு புதன் மதியம் பொருத்தப்படும்' என்ற அறிவிப்பு.

"உங்க கடையிலயே எடுக்கறேன் பாத்தீங்களா. நமக்குள்ள பகை இல்ல" என்று சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டா, நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசறேன்."

"போர்டு மாத்தறதுக்கு அப்படி என்ன சார் அவசரம்?"

"வயசானவங்க ஆறு மாடி ஏறறாங்கம்மா. மனுஷாபிமானம்."

"அந்த மனுஷாபிமானம் ஒரு நாள் பொறுக்காதா?"

சிரிப்பு மறைந்தது. ஐம்பது பிரதியையும் எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.

அதைச் சொன்னபோது கணவர் முதல்முறையாக வாயைத் திறந்து ஒரு விஷயம் சொன்னார். "போர்ட மாத்தாட்டியும் ரொம்ப நாள் தாங்காது. சீல் வெச்சப்போ மெயின் கரண்ட்ட நிறுத்திட்டாங்க. பதிவையும் கடிகாரத்தையும் இப்ப காப்பாத்திட்டிருக்கறது ஒரு காசு அளவு பேட்டரி. போட்டு ஏழு வருஷம் ஆச்சு. அது செத்தா மெமரி துடைச்ச மாதிரி ஆயிடும்."

"போய் மாத்தலாமே?"

"சீல். அப்புறம் கரண்ட் இல்லாதப்ப பேட்டரியக் கழட்டினாலும் மெமரி போயிடும். தொடாம இருக்கறதுதான் வழி."

இருபத்துமூன்றாம் தேதி, மத்தியானம். கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு குழந்தையைச் சிரிக்காமல் இருக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தாள். போன் துடித்தது.

ஒரே படம். ஒரு மரப்பெட்டி நிறைய பழைய லிஃப்ட் சாமான். உடைந்த பட்டன் பலகை, சுருட்டிய கேபிள், அதற்கு நடுவில், பாதி தூசியில், ஆரஞ்சு.

குழந்தை சிரித்தது. அவள் கவனிக்கவே இல்லை.

"வாண்டு! இதுதான்! இதேதான்! எங்கடா?"

"பழைய கட்டடம் இடிச்ச சாமான் வாங்கற கடைக்கா. ஊருக்கு வெளிய."

படத்தின் தலையில் 'ஃபார்வர்டட்' என்று சின்னதாக இருந்தது. "யார் எடுத்தது?"

"கடைக்காரன் அனுப்பினான்."

"அதெல்லாம் நம்ப முடியாது. நெட்ல கிடக்கிற படத்தக் கூட அனுப்புவாங்க. இன்னைக்குத் தேதிய ஒரு பேப்பர்ல எழுதி, டப்பா பக்கத்துல வெச்சு எடுக்கச் சொல்லு. பின்பக்க ஸ்டிக்கர் ஒண்ணு, கோட்டுக்கு அப்புறம் இருக்கற எழுத்து தெரியணும். கீழ இருக்கற சாக்கெட் ஒண்ணு, ஒன்பது பின்னும் நேரா இருக்கணும், ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் சொல்லு."

"ஆன் பண்ணிக் காட்டச் சொல்லவா?"

கணவரைப் பார்த்தாள். கடையில் காகிதக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த அவர், வேண்டாம் என்று தலையசைத்தார். "அதுக்குள்ள பேட்டரி கிடையாது. போர்டுல சொருகினாத்தான் உயிர் வரும். உயிரோட இருக்கா, பிணமான்னு இங்க வந்துதான் தெரியும்."

நாலு மணி நேரம் கழித்துப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் 'ஃபார்வர்டட்'. பேப்பரில் தேதி சரி. எழுத்து சரி. ஒன்பது பின்னும் போர் வீரர்கள் மாதிரி நேராக நின்றன. கேபிள் இல்லை என்றான் கடைக்காரன். பரவாயில்லை, கேபிள் இவர்களிடமே இருந்தது.

"வாங்கு" என்றாள்.

அனுப்புவது அடுத்த கண்டம். கூரியரில் போட்டால் சுங்கத்தில் மாட்டி எத்தனை நாள் ஆகுமோ, யாரும் உறுதி சொல்ல முடியாது. யாராவது ஊருக்கு வருகிறார்களா என்று அவன் விசாரித்ததில், இருபத்தாறாம் தேதி கிளம்பும் ஒருவர் ஒப்புக்கொண்டார். பெரிய பெட்டியில் போட்டுத் தொலைத்துவிடக் கூடாது, கைப்பையிலேயே இருக்க வேண்டும்; செக்கிங்கில் கேட்டால் காட்ட, ஸ்கேனைப் பிரின்ட் எடுத்து உடன் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள்.

இருபத்தேழாம் தேதி மாலை அந்த ஆள் கடைக்கு வந்தார். ஒரு ஜோடி காலுறைக்குள் டப்பாவைச் சுருட்டி வைத்திருந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே! என் தம்பி எப்படி இருக்கான்? மெலிஞ்சிட்டானா?"

"நல்லாத்தான் இருக்காருங்க. தாடியும் அதுவுமா, ஏர்போர்ட்டுக்கே வந்து குடுத்தாரு."

"தாடியா? அந்த மூஞ்சிக்குத் தாடி வேறயா! வரட்டும், வெச்சுக்கறேன்."

உள்ளே கணவர் டப்பாவைக் கையில் வாங்கினார். ஆரஞ்சு பட்டனைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். "கண்டுபிடிச்சே போட்டானே" என்று மட்டும் சொன்னார். அதில் சந்தோஷமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

புதன்கிழமை. காலை பத்தே முக்கால்.

லிஃப்ட் ஓடாததால் எல்லோரும் ஆறு மாடி ஏறி, மூச்சிரைக்க மொட்டை மாடிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா, அவர் உதவியாளர், செகரட்டரி, வாட்ச்மேன், கணவர், அவள். புது போர்டு, அட்டைப் பெட்டியில், செகரட்டரி ஆள் ஒருவர் தோளில்.

"சம்சாரம் எதுக்கு?" என்றார் செகரட்டரி.

"காப்பி எடுக்கறதுக்கு" என்றாள் அவள்.

சீல் உடைந்தது. மெஷின் ரூமுக்குள் எண்ணெயும் தூசியும் கலந்த வெப்பம். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார் கணவர். சிவப்பு ஒயர் அப்படியே இருந்தது. அதைத் தொடவில்லை. மோட்டார் ஓடாதபடி அதற்குப் போகும் ஃபியூஸ்களை மட்டும் கழற்றி, இன்ஸ்பெக்டரம்மா கையில் கொடுத்தார். பிறகு கேபிளின் ஒரு முனையை டப்பாவிலும் மறுமுனையைப் போர்டிலும் சொருகினார்.

"போர்டுக்கு மட்டும் கரண்ட் குடுங்க."

உதவியாளர் சுவிட்சைத் தூக்கினார்.

திரை இருட்டாகவே இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"பழைய இரும்புக் கடைச் சாமான் மேடம்" என்றார் செகரட்டரி. "நேரம்தான் வேஸ்ட்டு."

கணவர் கேபிளைப் பிடுங்கினார். பனியன் நுனியால் பின்களைத் துடைத்தார். மறுபடி சொருகி, திருகாணிகளை விரலால் இறுக்கினார்.

திரையில் பச்சை வெளிச்சம் வந்தது. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"கடிகாரம் பாருங்க மேடம்." கணவர் டப்பாவை இன்ஸ்பெக்டரம்மா பக்கம் திருப்பினார். "இன்னைக்குத் தேதி. மணி பத்து அம்பத்தாறு. உங்க வாட்ச்?"

"பத்து அம்பத்தொம்போது. மூணு நிமிஷம் பின்னால. பரவாயில்ல. பேட்டரி சாகல."

அவர் ஆரஞ்சு பட்டனை அழுத்தினார். பதிவுகள் ஒவ்வொன்றாக, புதியதிலிருந்து பழையதை நோக்கி நகர்ந்தன. அவர் படிக்கப் படிக்க உதவியாளர் எழுதினார்; அவள் ஒவ்வொரு திரையையும் செல்போனில் எடுத்தாள், ஃபிளாஷ் இல்லாமல்.

முதலில், இன்றைக்குக் கரண்ட் வந்தது, சீல் வைத்தபோது போனது. பதினாறு, காலை: அவசர நிறுத்தம். அதற்கு முன் ஒன்றுமில்லை. பதினைந்தாம் தேதி மாலை ஆறு இருபத்தாறு: கரண்ட் வந்தது. ஆறு இருபது: கரண்ட் போனது. அதற்கும் முன்னால், வரிசையாக ஒரே பதிவு. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டுக் கோளாறு. மறுபடி அதே. மறுபடி அதே. பதினைந்தில் இருபத்திரண்டு தடவை, பதினாலில் ஒன்பது தடவை.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "புரியுது. ரெண்டு நாளா பூட்டு சரியா சேராம லிஃப்ட் நின்னு நின்னு போயிருக்கு. பதினஞ்சாம் தேதி சாயங்காலம் யாரோ ஆறு நிமிஷம் கரண்ட்ட நிறுத்தி ஒயர் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு கோளாறு கூடப் பதிவாகல. ஒயர் பதிமூணாம் தேதியே இருந்திருந்தா, பதினாலுல பூட்டுக் கோளாறே வந்திருக்காது."

வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்தார். "அன்னைக்கு சாயங்காலம் சார் ஒரு எலக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்தாரும்மா. லிஃப்ட் அடிக்கடி நிக்குதுன்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போனாரு. கெட்டிக்காரர்னு நெனச்சேன்."

"யோவ்!" என்றார் செகரட்டரி.

"அவர ஏன் சத்தம் போடறீங்க? நீங்க கீழ வந்து ஸ்டேட்மென்ட் குடுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "புது போர்டு இன்னைக்கு இல்ல. இது சாட்சி."

அவள் செல்போனை இறக்கிவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது. போலீஸ் இல்லை, கேஸ் இல்லை. வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது.

"ஒரு நிமிஷம்." இன்ஸ்பெக்டரம்மா ரிஜிஸ்டரைப் பிரித்தார். "இன்னும் பின்னால போங்க. பதிமூணாம் தேதி."

கணவரின் விரல் ஆரஞ்சு பட்டன் மேல் நின்றது.

"போங்க."

அழுத்தினார். திரை நகர்ந்தது. பதினாலு. பிறகு பன்னிரண்டு.

"சர்வீஸ் பண்ணணும்னா லிஃப்ட்ட ஆய்வு நிலைக்கு மாத்தணும். மாத்தினா பதிவாகும். பதிமூணாம் தேதில ஒண்ணும் இல்லையே?"

கணவர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

"இல்ல மேடம்" என்றார் அவர். "நான் வரல. பதினாலாம் தேதி காலைல இந்தப் பக்கமாப் போனேன். வாட்ச்மேன் ரிஜிஸ்டர நீட்டினாரு, நேத்துக் கட்டம் காலியா இருக்குன்னு. பதினாறு சாயங்காலம் வந்து செஞ்சிடலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எப்பவும் எல்லாரும் செய்யறதுதான். அன்னைக்கே மேல ஏறி வந்திருந்தா அந்தப் பூட்டைப் பாத்திருப்பேன். டீச்சர் கால் போயிருக்காது."

"பொய்க் கையெழுத்துக்கு லைசென்ஸ் ஆறு மாசம் நிறுத்தி வைப்பேன். அதுல மாத்தம் இல்ல."

"சரி மேடம்."

"பதிமூணாம் தேதி எங்க இருந்தீங்க? அறிக்கைல எழுதணும்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.  அன்று காலை பத்து மணிக்கு, சர்வீஸுக்குப் போகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

"என்னங்க? எங்க போனீங்க?"

"சத்தியம் வாங்கிட்டான்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு."

"யாரு?"

"இந்த டப்பா வந்தா, நான் அன்னைக்கு இங்க இல்லைன்னு தெரிஞ்சிடும், எங்கன்னு நீ கேப்ப. அதான் தேடாதடான்னு அவன்கிட்டயும் சொன்னேன். கேக்கல. நான் மாட்டிக்கிட்டாலும் பரவாயில்ல, நீங்க உள்ள போகக் கூடாது மாமான்னான். அங்க கடை கடையா ஏறினது, படம் எடுத்தது, ஏர்போர்ட்டுக்குப் போய் குடுத்து விட்டது, எல்லாம் அவனோட பழைய ரூம்மேட். அந்தத் தாடிக்காரர்."

"பழைய ரூம்மேட்டா? வாண்டுவுக்கா? அப்ப அவன்?"

"கம்பெனிய மூடிட்டாங்க. விசாவ ரத்து பண்ணி, கையில பையோட அனுப்பிட்டாங்க. பதிமூணாம் தேதி காலைல ஏர்போர்ட்ல போய் நின்னேன். நீ தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்க, உன் முன்னால வர வெக்கமா இருக்குன்னான்." அவர் கேபிளை மெல்லப் பிடுங்கினார், திரை அணைந்தது. "பதினஞ்சு நாளா உன் தம்பி இதே ஊர்லதான் இருக்கான்."